ஏழாவது ஷரத்து

மைக்கைப் பிடித்த பத்தொன்பதாம் எண் டோக்கன்காரர் விடுகிற வழியாக இல்லை. ஏகாம்பரத்தின் சட்டைப்பையில் இருந்தது இருபத்தேழு. நடுவில் ஏழு பேர், ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று மேடையிலிருந்து சொல்லியிருக்கிறார்கள், ஆனால் நம் ஊரில் மைக் கையில் கிடைத்தவனுக்கு ஐந்து நிமிஷம் என்பது தொண்டையைச் செருமிக்கொள்ளவே சரியாகப் போகும், ஆக ஒரு மணி நேரம், ஒன்றேகால் மணி நேரம், அதுவரை இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வேர்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். கல்யாண மண்டபம். மேடையில் மாப்பிள்ளை பெண் உட்காரும் இடத்தில் கலெக்டர் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து அதிகாரி, அவருக்குப் பக்கத்தில் மடிக்கணினியோடு ஒரு குமாஸ்தா. இரண்டு பேர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். வர்ணப்பொடிக் கம்பெனி தன் உற்பத்தியை மூன்று மடங்காக்க அனுமதி கேட்டிருக்கிறது, அதற்கான மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். முப்பத்தாறு வருஷம் அந்தக் கம்பெனியின் கேட்டுக்குள் போய் வந்தவர் ஏகாம்பரம். ஓய்வுபெற்று மூன்று வருஷம் ஆன பிறகும் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளர் அவர்தான். எத்தனையோ மேடை ஏறி இறங்கிய மனுஷன், இன்றைக்கு டோக்கனை நாலாவது தடவை வெளியே எடுத்துப் பார்த்தார். காலனிப் பெண்கள் ஒன்பது பேரும் இன்னும் வரவில்லை. வராவிட்டால் போச்சு. வந்தாலும் போச்சு. இதில் எது பெரிய போச்சு என்று அவர் மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தார், யோசிக்க யோசிக்க அது பிடிபடவில்லை.

பழக்க தோஷம், கண் தானாகத் தலைகளை எண்ணியது. வலதுபக்கம் கம்பெனி ஏற்றிவந்த நான்கு பஸ் ஆட்கள், கழுத்தில் பச்சை நாடா, இருநூறு தேறும். அவர்களுக்கு முன்வரிசையில் இன்னொரு சங்கத்து ஆட்கள், விரிவாக்கம் இல்லையென்றால் கம்பெனி ஆந்திராவுக்குப் போய்விடும் என்று நோட்டீஸ் போட்டவர்கள். இடதுபக்கம் ஏகாம்பரத்தின் சங்கத்தார் நாற்பது பேர், அதிலும் பாதிப் பேர் முகத்தில் நாம் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்ற குழப்பம். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நானூறு குடும்பம் அந்தப் புகைபோக்கியை நம்பி உலை வைக்கிறது, அதே புகைபோக்கிக்கு எதிரே கொடி பிடிக்கச் சொன்னால் கை கூசத்தான் செய்யும். பிறகு ஊர்க்காரர்கள், விவசாயிகள், கிணறு கெட்டுப்போனவர்கள், எண்பது வைத்துக்கொள்ளலாம். ஆக இருநூறுக்கு நூற்றிருபது. தோல்வி. காலையில் இந்தக் கணக்கைப் பியூலாவிடம் சொன்னபோது அவள் சிரித்தாள். பியூலா காலனிப் பெண், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை, ஆற்றோரத்தில் இருப்பவர்கள் சேர்ந்து 'கூடல்' என்று ஒன்று நடத்துகிறார்களே, அதில் ஓடியாடி வேலை செய்கிறவள். "இது தேர்தல் இல்ல தோழர், இங்க யாரும் தலையை எண்ண மாட்டாங்க" என்றாள். "எத்தினி பேரு வந்தாங்கன்றது கணக்கே இல்ல. இன்னா பாயிண்ட் பதிவாச்சுன்றதுதான் கணக்கு. ஒத்த கெழவி ஒத்த கேள்வி கேட்டு, அது மினிட்ஸுல ஏறிச்சின்னா, கம்பெனிக்காரன் அதுக்கு எழுத்துல பதில் குடுத்தே ஆவணும். டில்லியில இருக்கிற நிபுணர் குழு அதத்தான் படிக்கும்." சட்டம் அப்படித்தான் என்று ஏகாம்பரத்துக்கும் ஒருவிதமாகத் தெரியும். ஆனாலும் தலையை எண்ணாமல் இருப்பது எப்படி. சந்தா கட்டிய தலை, கட்டாத தலை, கேட்டில் நிற்கிற தலை, உள்ளே நுழைந்துவிட்ட கருங்காலித் தலை என்று எண்ணி எண்ணியே வளர்ந்த சங்கம். எண்ணிக்கைதான் பலம், எண்ணிக்கை இல்லாவிட்டால் முதலாளி டீ கூடக் கொடுக்க மாட்டான் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள், அவரும் நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார், அந்த எண்ணிக்கையில்தான் இந்த மாதம் அவர் வழுக்கி விழுந்தார்.

இருபதாம் எண் வந்து கும்பிட்டுவிட்டுக் கம்பெனி ரொம்ப நல்ல கம்பெனி, பள்ளிக்கூடத்துக்குக் கழிவறை கட்டிக்கொடுத்தது என்றார். கட்டிக்கொடுத்ததுதான், அதில் வருகிற தண்ணீர் மஞ்சளாக இருக்கிறது என்பதையும் சொல்லலாம், சொல்ல மாட்டார். ஏகாம்பரம் வாசலைப் பார்த்தார். வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் திரும்பத் திரும்ப வந்து நின்றது. சங்க அலுவலகத்தில் சங்கமும் கூடலும் சேர்ந்து நடத்திய கூட்டம். அப்படிச் சேர்ந்து உட்கார்வதற்கே ஒரு வருஷம் பிடித்தது. முதல் தடவை கூடலிலிருந்து கூட்டு மனு என்று கொண்டுவந்தபோது இவர் கேட்ட முதல் கேள்வி, உங்க தலைவர் யாரு. தலைவர் இல்லை. செயலாளர்? இல்லை. பதிவு எண்? இல்லை. உறுப்பினர் பட்டியல்? வாட்ஸப் குழு இருக்கிறது, இருநூற்றுப் பத்து பேர். அப்படியானால் நான் யாருக்குப் பதில் கடிதம் போடுவது என்று கேட்டுவிட்டு, முதலில் ஒரு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தார். போனவர்கள் எட்டு மாசம் வரவில்லை. அந்த எட்டு மாசத்தில் தலைவர் இல்லாத அந்தக் கூட்டம் பதினான்கு கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, வீடு வீடாகப் போய் ஆலை விஷத்தால் எத்தனை பேருக்கு மூக்குத்தண்டில் ஓட்டை என்று கணக்கெடுத்து, தகவல் உரிமையில் முப்பது மனு போட்டு, பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கும் போட்டுவிட்டது. இவருடைய சங்கம் அதே எட்டு மாசத்தில் போனஸ் பேச்சுவார்த்தைக்குத் தேதி வாங்கியிருந்தது. அதன் பிறகு இவரே தேடிப்போனார். அங்கே கூட்டம் நடக்கிற லட்சணம் வேறு. ஒரு வரியை எழுத மூன்று மணி நேரம். யாரும் கை தூக்க மாட்டார்கள். இதை ஏற்கவே முடியாது என்கிறவர் யாராவது உண்டா என்று கேட்பார்கள், ஒருத்தி உண்டு என்பாள், அவ்வளவுதான், அவள் ஏன் முடியாது என்கிறாள் என்பதை எல்லோரும் உட்கார்ந்து கேட்டு, வரியை மாற்றி, மறுபடி கேட்டு. ஏகாம்பரத்துக்கு இடுப்பு விட்டுப்போகும். இப்படி ஒத்தொத்தராத் தாஜா பண்ணிகினு இருந்தா எந்தக் காலத்துல கேட்டைச் சாத்துறது என்று பக்கத்திலிருப்பவரிடம் முணுமுணுப்பார்.

அன்றைக்குக் கூட்டு மனுவில் ஐந்து கோரிக்கை சுலபமாக முடிந்தது. ஆறாவதில் சிக்கியது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆலை ஒழுங்காகும்வரை உற்பத்தியைக் குறை, அதுவரை தொழிலாளருக்குச் சட்டப்படி பாதிச் சம்பளம் லே-ஆஃப் ஈடாகக் கொடு. சங்கம் எழுதிய வரி, இவரே எழுதியது, கூடல் பிள்ளைகள் 'ஆலையை மூடு' என்று மட்டும்தான் எழுதி வைத்திருந்தார்கள், மூடினால் சோறு எங்கிருந்து வரும் என்று அவர்கள் யோசிக்கவேயில்லை, அதற்கு இவர் அவர்களை நன்றாகக் கிண்டலும் செய்தார். அப்போது மூலையிலிருந்து சம்பூரணம் எழுந்தாள். கழிவுநீரின் அடிமண்டி தேங்கும் கசடுத் தொட்டியில் வேலை செய்கிற ஒப்பந்தத் தொழிலாளிப் பெண், காலனி. "பாதிச் சம்பளம் உங்களுக்கு லீடரே. நீங்க பர்மனென்ட்டு. எங்களுக்கு? உற்பத்தி கொறஞ்சா காண்ட்ராக்டரு நாளைக்கி வராதன்னுவான். எங்களயும் அதுல எழுதுங்க." நியாயம்தான். ஆனால் ஒப்பந்தத் தொழிலாளருக்கு லே-ஆஃப் என்று எழுதினால் மனுவே எடுபடாது, அது வேறு சட்டம், வேறு வழக்கு, தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இவர் சொன்னார். தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இவர் முப்பது வருஷமாகச் சொல்கிறார். மணி ஒன்றரை ஆகிவிட்டது, பசி வேறு. பொறுக்க முடியாமல் எழுந்து, சரி, தீர்மானத்தை ஓட்டுக்கு விடுகிறேன், ஆதரிப்பவர்கள் கை தூக்குங்கள் என்றார். நாக்கு தானாகச் சொன்னது, அத்தனை வருஷத்துப் பழக்கம். முப்பத்தொரு கை. எதிர்ப்பவர்கள்? ஒன்பது கை. ஒன்பதும் கசடுத் தொட்டிப் பெண்கள். தீர்மானம் நிறைவேறியது என்று நோட்டில் எழுதி, தேதி போட்டு, முத்திரையும் குத்தினார். யாரும் கைதட்டவில்லை. ஒன்பது பேரும் சண்டை போடவில்லை, கத்தவில்லை, டீ கிளாஸை ஓரமாக வைத்துவிட்டு ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்கிப் போனார்கள். "ஜெயிச்சிட்டீங்க தோழர்" என்றாள் பியூலா. அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

இருபத்திரண்டு. பச்சை நாடா. ஆந்திரா, ஆந்திரா, ஆந்திரா. அந்த ஞாயிறு ஒரு விஷயம், அதைவிடப் பெரிய விஷயம் மூன்று நாளைக்கு முன்பு பியூலா கொண்டுவந்து மேஜையில் வைத்த காகிதம். தொழிலாளர் துறைக்குத் தகவல் உரிமையில் எழுதி வாங்கியிருந்தாள். தொண்ணூற்றொன்றாம் வருஷத்துப் பன்னிரண்டு மூன்று ஒப்பந்தம். பன்னிரண்டு மூன்று என்றால் சமரச அதிகாரி முன்னிலையில் நிர்வாகமும் சங்கமும் கையெழுத்துப் போடுவது, கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரி எல்லோரையும் கட்டுப்படுத்தும். எழுபத்துநான்கு நாள் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு கிடைத்தது. இவர் அப்போது உதவிச் செயலாளர், மீசை கறுப்பு. "ஏழாவது ஷரத்தைப் படிச்சுப் பாருங்க. இது உங்க கையெழுத்துதானே?" என்றாள் பியூலா. படிக்க வேண்டியதே இல்லை, மனப்பாடம். கசடுத் தொட்டிகளைக் கையால் வாரிச் சுத்தம் செய்யும் பணி நிரந்தரத் தொழிலாளரிடமிருந்து விலக்கப்பட்டு ஒப்பந்ததாரர் மூலம் செய்விக்கப்படும். ஆமாம்மா, என் கையெழுத்துதான் என்றார். "சம்பூரணம் அத்தைக்கும் ஒரு காப்பி குடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதிலிருந்து தூக்கம் போயிற்று. இன்றைக்குச் சம்பூரணம் வந்து, கலெக்டர் முன்னால், வீடியோ முன்னால், நாற்பது சங்கத்தார் முன்னால், இந்தாளுதான் எங்களைத் தொட்டியில தள்ளினவன் என்று அந்தக் காகிதத்தைப் படித்தால். படித்தால் என்ன, உண்மைதானே. உண்மை என்பதுதான் கஷ்டம். பொய்யாக இருந்தால் அவர் இப்படி வேர்க்க மாட்டார், எழுந்து நின்று நாலு கேள்வி கேட்டிருப்பார்.

ஏன் போட்டோம், ஏன் போட்டோம் என்று அவரும் கேட்டுப் பார்த்துக்கொண்டார். காரணம் இல்லாமல் போடவில்லை. அதற்கு முன்பு தொட்டியில் இறங்கியது சங்கத்து உறுப்பினர்கள். முதலில் சங்கம் என்ன கேட்டது, தொட்டியில் இறங்குகிறவனுக்குத் தினம் ஒரு வெல்ல உருண்டை, அரை லிட்டர் பால், ஆபத்துப் படி. கிடைத்தது. பெரிய வெற்றி என்று போஸ்டர் ஒட்டினார்கள். விஷத்தை எடு என்று யாரும் கேட்கவில்லை, விஷத்துக்கு வெல்லம் கொடு என்றுதான் கேட்டார்கள், அன்றைக்கு அதுதான் கோரிக்கை, அப்படித்தான் எல்லா ஆலையிலும் கேட்டார்கள். பிறகு வெல்லம் தின்ற அப்பாதுரைக்கும் முனிரத்தினத்துக்கும் மூக்குக்குள் ஓட்டை விழுந்தது, ஒரு பக்கம் விரலை வைத்தால் அந்தப் பக்கம் தெரியும் என்று அப்பாதுரை சிரித்துக்கொண்டே காட்டுவான். அதனால் இனி நம் ஆட்கள் இறங்கக் கூடாது என்று முடிவாயிற்று. நம் ஆட்கள். அந்த இரண்டு வார்த்தையில் யார் உண்டு யார் இல்லை என்று அன்றைக்கு யாருக்கும் கேள்வியே எழவில்லை. நிர்வாகமும் உடனே சரி என்றது, அவ்வளவு சுலபமாகச் சரி என்றபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும், ஆனால் எழுபத்துநான்கு நாள் பட்டினி கிடந்தவனுக்குச் சந்தேகப்படத் தெம்பு ஏது. கையெழுத்துப் போட்ட மறுவாரம் ஒப்பந்ததாரர் காலனியிலிருந்து பெண்களைக் கூட்டிவந்தார். வேலைநிறுத்தத்தின்போது தினம் ஒரு குண்டான் கஞ்சி கேட்டுக்கு வந்ததே, அதே காலனி. கூட்டிவந்த பெண்களில் சம்பூரணமும் இருந்தாள், இருபது வயசு இருக்கும். சங்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஒருமுறை வந்து கேட்டார்கள். ஒப்பந்தத் தொழிலாளரைச் சேர்த்தால் நிர்வாகம் சங்கத்தின் அங்கீகாரத்தில் கை வைக்கும், தனியாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று அனுப்பியதும் இவர்தான். பியூலா முதன்முதலில் சந்தித்த அன்று கேட்ட கேள்வியும் இப்போது வந்து குத்தியது. கசடுக் குழி ஏன் தோழர் எப்பவும் எங்க தெரு ஓரத்துலயே இருக்குது, உங்க தெருவுல ஏன் ஒரு குழி கூட இல்ல. ஜாதியை உள்ளே கொண்டுவந்தால் தொழிலாளி ஒற்றுமை உடைந்துவிடும் பாப்பா என்று அவர் சொன்னார். "ஜாதியை நாங்க கொண்டாரல. குழி வெட்டினவன் கொண்டாந்தான்" என்றாள்.

இருபத்துநான்காம் எண் கம்பெனியின் ஆலோசகரிடம் ஒரு கேள்வி கேட்டார், கசடை எப்படி அள்ளுவீர்கள் என்று. கோட்டு போட்ட அந்த ஆலோசகர் திரையில் ஒரு படத்தைக் காட்டி, அறிக்கையின் அத்தியாயத்தையும் பக்கத்தையும் சொல்லி, கசடு முழுவதும் இயந்திரத்தால்தான் அகற்றப்படுகிறது, இன்றைக்கும் அப்படித்தான், மனிதர்கள் யாரும் தொட்டியில் இறங்குவதே இல்லை என்றார். ஏகாம்பரம் அதைக் காதில் வாங்கினார், மனசில் வாங்கவில்லை, ஏனென்றால் அந்த நேரம் வாசலில் சலசலப்பு. ஒன்பது பேர். வேலைச் சேலையோடு, மேலே ஆண்பிள்ளைச் சட்டையோடு அப்படியே வந்திருந்தார்கள். கூட்டத்துக்குப் போகிறவள் நாளைக்கு வேலைக்கு வர வேண்டாம் என்று ஒப்பந்ததாரர் கேட்டில் நின்று சொன்னாராம், அதையும் மீறி, காலை ஷிப்டில் பாதியில் வெளியே வந்து, ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார்கள். பியூலாவின் செல்போனில் ஓடிய செய்திகளைப் பக்கத்தில் இருந்தவர்கள் சொல்லிக்கொண்டார்கள். வந்துவிட்டார்கள். நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது, இறங்கின கல் நேராக வயிற்றில் போய் உட்கார்ந்தது. சம்பூரணத்தின் கையில் பாலித்தீன் பை, பைக்குள் காகிதம். அவளுக்கு டோக்கன் காலையிலேயே பியூலா வாங்கி வைத்திருந்தாள். இருபத்தாறு. இவருக்கு ஒன்று முன்னால். சம்பூரணம் அவரைப் பார்க்கவில்லை. அவருக்கு இரண்டு வரிசை பின்னால் ஒன்பது பேரும் உட்கார, பச்சை நாடாக்காரன் ஒருவன் நாற்காலியை நகர்த்திக்கொண்டு மூக்கைப் பொத்தினான்.

இருபத்தைந்து பேசியது அவருக்கு ஒரு வார்த்தை கூட ஏறவில்லை. எழுந்து போய்விடலாமா. சிறுநீர் கழிக்கப் போவதாக வெளியே போய், டோக்கன் கூப்பிடும்போது ஆள் இல்லை என்றால் என்ன ஆகிவிடும். சங்கத்து நாற்பது பேரும் பார்ப்பார்கள். பார்த்தால் பார்க்கட்டும். அறுபத்தொரு வயசில் இப்படி ஒரு யோசனை வருகிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. கால் தயாராக இருந்தது, பிருஷ்டம் எழவில்லை. அதற்குள் இருபத்தாறு, சம்பூரணம், என்று கூப்பிட்டுவிட்டார்கள். அவள் மைக்கின் முன் போய் நின்றாள். மைக்கைத் தாழ்த்த ஒருவன் ஓடிவந்தான், வேணாம் என்று கையால் சொல்லிவிட்டு, தலையை நிமிர்த்தினாள். "எம்பேரு சம்பூரணம். முப்பத்தி நாலு வருசமா கசடுத் தொட்டியில எறங்குறேன். இப்பத்தான் அந்த சாரு சொன்னாரு, யாரும் எறங்கறது இல்லன்னு. அப்ப நான் இன்னா?" மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். ஆலோசகர் எழுந்து, இவர்கள் கம்பெனித் தொழிலாளிகள் என்பதற்கு எந்த ஆவணமும் இல்லை என்றார். அதுவும் சரிதான், அடையாள அட்டை கிடையாது, ஒப்பந்ததாரரின் பெயர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாறும், எந்த ரிஜிஸ்தரிலும் இவர்கள் கிடையாது, கம்பெனி நோட்டிலும் இல்லை, சங்க நோட்டிலும் இல்லை. "ஆவணம் இருக்குது சார்" என்றாள் சம்பூரணம். பையிலிருந்து காகிதத்தை எடுத்தாள். ஏழாவது ஷரத்தை அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள், கையால் வாரி என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி ஒருமுறை படித்தாள். "இது கவர்மென்டு முன்னால கம்பெனி போட்ட கையெழுத்து. தொட்டிய கையாலதான் வாருறாங்கன்னு கம்பெனியே ஒத்துகினது. அந்தாண்ட சங்கத்துக் கையெழுத்து. போட்டவரு இங்கதான் உக்காந்துகினு இருக்காரு. இது பழசு, இப்ப இல்லன்னு இவங்க சொல்வாங்க. இப்பவும் இருக்குதான்னு அவரக் கேளுங்க. அவரு மத்ததுல எப்படியோ, கையெழுத்துப் போட்டத இல்லன்னு சொல்ற ஆளு இல்ல." சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவ்வளவுதான். திட்டவில்லை.

மூன்று ராத்திரியாக அந்தக் காகிதத்தை அவர் தன்மேல் விழப்போகும் கல்லாகவே பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனியின் தலையில் விழக்கூடியது அது என்று ஒரு கணம் கூடத் தோன்றவில்லை. இத்தனை வருஷச் சங்கக்காரனுக்குத் தோன்றவில்லை, தொட்டியில் இறங்குகிறவளுக்குத் தோன்றியிருக்கிறது. தன் மானத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் எப்படித் தோன்றும். இருபத்தேழு என்றார்கள். எழுந்து மைக்குக்குப் போனார். பச்சை நாடாப் பக்கத்திலிருந்து எவனோ 'துரோகி' என்றான், அது காதில் விழுந்தது, வலிக்கவில்லை. பேசுவதற்காக எழுதி வைத்திருந்த மூன்று பக்கத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "அந்த அம்மா படிச்சது உண்மை" என்றார். "தொண்ணூத்தொண்ணுல போட்டது. அதுக்கப்புறம் ஆறு ஒப்பந்தம் போட்டிருக்கோம். ஒவ்வொண்ணுலயும் கடைசி ஷரத்து, மாத்தப்படாத பழைய ஷரத்து எல்லாம் தொடரும்னு இருக்கும். ஏழாவது ஷரத்தை யாரும் மாத்தல. போன வருசம் போட்டதுலயும் நிர்வாகம் அதுக்குக் கீழதான் கையெழுத்துப் போட்டிருக்குது. ஆறு காப்பியும் தர்றேன். தொட்டியில இயந்திரம் இல்ல. இவங்கதான் எறங்குறாங்க." மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். ஆலோசகர் பக்கத்து ஆளிடம் குனிந்து என்னவோ கேட்டார். ஏகாம்பரம் நிறுத்தவில்லை. "இன்னொண்ணு. எங்க கூட்டு மனுவுல ஆறாவது கோரிக்கையில தப்பு இருக்குது. ஓட்டுல நிறைவேறிச்சுன்னு நான்தான் எழுதினேன். அது செல்லாது. உற்பத்தி கொறஞ்சா தொட்டியில வேலை பாக்குறவங்களுக்கும் சம்பளம், மருத்துவப் பரிசோதனை. அப்படி மாத்திப் பதிவு பண்ணுங்க." சங்கத்துப் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எழட்டும், நாளைக்கு வாயிற்கூட்டத்தில் அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொள்ளலாம். சொல்ல வந்தது இன்னும் முடியவில்லை, முக்கியமானதே பாக்கி. கலெக்டர் காத்திருந்தார். "அவங்களத் தொட்டிக்கு அனுப்புன கையெழுத்துல ஒண்ணு என்னுது சார். எங்க ஆளுங்களக் காப்பாத்த அவங்கள எறக்கினோம். அதையும் எழுதிக்குங்க." வாய் சொல்லி முடித்ததும் மூச்சு வந்தது. நல்ல மூச்சு, அடிவயிறுவரை போய்த் திரும்பி வந்தது.

எல்லோரும் பேசி முடித்த பிறகு, பதிவானதைத் தமிழில் எல்லோருக்கும் கேட்கும்படி படிக்க வேண்டும் என்பது விதி. அதற்கு முன் குமாஸ்தா சந்தேகம் தீர்த்துக்கொள்ள ஏகாம்பரத்தை மேஜைக்குக் கூப்பிட்டார். மத்தியானம் இரண்டு ஆகியிருந்தது, வெளியே கம்பெனி பஸ்ஸில் பிரியாணிப் பொட்டலம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், வலதுபக்கம் காலியாகிவிட்டது. வாசனை உள்ளே வந்தபோது அவருக்குக் கொள்ளைப் பசி எடுத்தது, மூன்று நாளில் முதல் பசி. "இருபத்தேழுதானே சார்? இருபத்தாறு சொன்னதும் நீங்க சொன்னதும் ஒண்ணாத்தான் வருது. தனியா எழுதணுமா, சேத்து எழுதலாமா?" என்று கேட்டார் குமாஸ்தா. "சேத்தே எழுதுங்க. அந்த அம்மா பேரு மேல, எம்பேரு கீழ." குமாஸ்தா தட்டினார். "சரி. பேரு ஏகாம்பரம். சங்கத்துல உங்க பொறுப்பு என்னன்னு போடறது?" ஏகாம்பரம் திரும்பிப் பார்த்தார். ஒன்பது பேரும் இன்னும் போகவில்லை, படிக்கிறதைக் கேட்டுவிட்டுத்தான் போவோம் என்று உட்கார்ந்திருந்தார்கள். நாளைக்கு அவர்களைக் கேட்டுக்குள் விடுவார்களோ என்னவோ, விடாவிட்டால் சங்கம் கேட்டில் நிற்கும், நின்றே ஆக வேண்டும், இந்தத் தடவை தனியாகப் பார்த்துக்கொள்ள ஒன்றும் இல்லை. சம்பூரணம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, விரோதமும் இல்லை, அடுத்து என்ன சொல்லப்போகிறான் என்று கேட்கிற முகம். "பொறுப்பெல்லாம் வேணாம்" என்றார் குமாஸ்தாவிடம். "சாட்சின்னு போடுங்க."